ஹெல்மெட்டுக்குள் நீள முடி: வெட்டுவதா, பின்னுவதா?

தாம்பரம் பக்கத்தில் பார்லர் வைத்திருக்கிறேன். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து கிண்டி வரை ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிற பெண்கள் நிறைய வருகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர், சிலருக்கு அதற்கும் மேல். குரோம்பேட்டை, பல்லாவரம் சிக்னல்களில் நின்று நின்று போனால் ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக ஹெல்மெட் தலையில் இருக்கும். மாலையில் அதே பாடு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வெயில் காலம் கடந்ததும் பலரும் ஒரே கேள்வியோடு வந்து உட்காருகிறார்கள்: "அக்கா, பேசாம பாப் கட் பண்ணிடவா?"

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஹெல்மெட் போடுகிறவருக்கு பாப் கட் வேண்டாம். ஒன்று, பிடரியில் பின்னிக்கொள்கிற அளவுக்கு முடி இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டவே தேவைப்படாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வருகிற நீளம்தான், அதாவது தாடையிலிருந்து தோளுக்குச் சற்று மேலே வரை, வண்டியில் அதிகத் தொந்தரவு தருவது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஹெல்மெட் ஒழுங்காக உட்கார வேண்டும்

எந்த ஸ்டைலாக இருந்தாலும் முதல் கேள்வி அழகைப் பற்றியது இல்லை. அந்த முடியோடு ஹெல்மெட் சரியாக உட்காருகிறதா என்பதுதான். ஹெல்மெட்டின் உள்ளே வெளி ஓட்டுக்கு அடியில் தெர்மகோல் மாதிரி ஒரு கெட்டியான அடுக்கு இருக்கிறது. விழுந்தால் அடியை வாங்கி நசுங்குவது அதுதான். அது தலையைச் சுற்றிலும் சமமாக அணைத்திருந்தால்தான் தன் வேலையைச் செய்யும். உச்சியிலோ பின்மண்டையிலோ ஒரு முடிச்சு இருந்தால் ஹெல்மெட் அந்த முடிச்சின் மேல் நிற்கும், தலையின் மேல் நிற்காது. கிளட்ச் கிளிப்போ இரும்பு சைடு பின்னோ இருந்துவிட்டால் இன்னும் மோசம். அடிபடும்போது மண்டைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே அது மாட்டிக்கொள்ளும்.

சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று வீட்டுக் கண்ணாடி முன்னாலேயே பார்த்துவிடலாம். வண்டி ஓட்டும்போது எப்படி முடி கட்டுவீர்களோ அப்படியே கட்டிக்கொண்டு ஹெல்மெட்டைப் போட்டு, தாடைப் பட்டையையும் மாட்டுங்கள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் ஹெல்மெட்டின் முன் விளிம்பு இருக்க வேண்டும். நெற்றி முழுவதும் தெரிந்தால் பின்னால் ஏதோ தூக்குகிறது என்று அர்த்தம். அடுத்து ஹெல்மெட்டை இரு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். நெற்றித் தோலும் கூடவே இழுபட வேண்டும். தோல் அசையாமல் ஹெல்மெட் மட்டும் சுழன்றால் லூஸ். கடைசியாக, பின் விளிம்பில் கை வைத்து மேல்நோக்கி முன்னால் தள்ளிப் பாருங்கள். முகத்தின் மேல் கவிழ்ந்து கழன்று வரக் கூடாது.

இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். ஒரு ஸ்டைல் எவ்வளவு வசதியாக இருந்தாலும் இதில் தேறவில்லை என்றால் அது வண்டிக்கு ஆகாது.

போனி டெயிலும் கொண்டையும்

உச்சியில் தூக்கிக் கட்டும் போனி டெயில் முதல் சோதனையிலேயே போய்விடும். ரப்பர் பேண்ட் இருக்கும் இடம் சரியாக ஹெல்மெட் அழுத்தும் இடம். அரை மணி நேரத்தில் அந்த இடத்தில் வலி தொடங்கும். பலர் அதை வெயில் தலைவலி என்று நினைத்துக்கொண்டு மாத்திரை போடுகிறார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி, பேண்டை அவிழ்த்த சில நிமிடங்களில் வலி குறைகிறது என்றால், காரணம் வெயில் இல்லை, முடிச்சுதான். உச்சியிலிருந்தே முடி எடுத்துப் பின்னும் பிரெஞ்சுப் பின்னலுக்கும் இதே கதை. நடு மண்டையில் ஒரு வரப்பு போல மேடு நிற்கும். ஹெல்மெட் அந்த மேட்டையே அழுத்திக்கொண்டிருக்கும்.

தாழ்த்திக் கட்டும் போனி டெயில் பரவாயில்லை. ஹெல்மெட் நன்றாக உட்காரும், கட்டவும் அரை நிமிடம் போதும். ஆனால் கட்டுக்குக் கீழே முடி திறந்தே கிடக்கிறது. வண்டலூர் தாண்டியதும் வண்டி 50, 60 வேகத்தில் போகும்போது காற்று அந்த முடியை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். பிடரிக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே உள்ள பகுதி உரசி உரசிச் சிக்கு விழும். லாரிப் புகையும் புழுதியும் முழுக்க நுனியில்தான் ஏறும். ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் அவசரத்தில் மேலிருந்து கீழே சீப்பை இழுப்பார்கள். நுனி பிளந்து அறுபடும். கால் மணி நேரப் பயணத்துக்கு இது ஓடும். ஒரு மணி நேரத்துக்கு ஓடாது.

கொண்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் அதுதான் நல்ல வழி என்று நம்புகிறார்கள். முடி பறக்காது, அழுக்காகாது, உண்மைதான். உச்சிக் கொண்டையைப் பேச்சிலிருந்தே விட்டுவிடுவோம், அதைப் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டே மாட்ட முடியாது. பிடரிக் கொண்டை போட்டால் ஹெல்மெட் மாட்டும். நேராகப் பார்த்துக்கொண்டு நின்றால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். தலையை லேசாக நிமிர்த்திப் பாருங்கள். முகம் மூடும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் என்றால் அதன் பின் விளிம்பு பிடரி வரை இறங்கியிருக்கும். நிமிரும்போது அந்த விளிம்பு கொண்டையில் இடிக்கும், இடித்ததும் ஹெல்மெட் முன்னால் நழுவிக் கண்ணுக்கு மேல் இறங்கும். மேம்பாலம் ஏறும்போதும், உயரத்தில் இருக்கும் சிக்னலைப் பார்க்கும்போதும், தோளுக்கு மேலே திரும்பிப் பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்க்கும்போதும் இதுதான் நடக்கும். கத்திப்பாராவில் எந்தப் பாலத்தில் ஏறுவது என்று பலகையைப் பார்க்கிற நேரத்தில் கண்ணை மறைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முடி மெல்லியதாக இருந்து, கொண்டை எலுமிச்சம்பழ அளவுக்குள் அடங்கினால், அரை ஹெல்மெட்டோடு அது இடிக்காமல் போகலாம். ஆனால் நெடுந்தூரத்துக்கு அரை ஹெல்மெட்டை நான் சொல்ல மாட்டேன். தாடைக்கும் முகத்துக்கும் அதில் காப்பு கிடையாது. கொண்டைக்காக ஹெல்மெட்டை மாற்றுவது தலைகீழான கணக்கு.

ஒற்றைப் பின்னல்

எனக்குத் தெரிந்தவரை நெடுந்தூரத்துக்கு நீள முடிக்காரர்களுக்கு இதுதான் நன்றாக ஒத்துவருகிறது. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து பழகிய பின்னல்தான். ஆனால் அது எங்கே தொடங்குகிறது, எவ்வளவு இறுக்கம் என்ற இரண்டில்தான் எல்லாம் இருக்கிறது.

பின்மண்டையில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டு வாருங்கள். ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அதற்குக் கீழே விரல் ஒரு பள்ளத்தில் இறங்கும். பின்னல் அந்தப் பள்ளத்தில் தொடங்க வேண்டும். மேட்டின் மேல் தொடங்கினால் ஹெல்மெட் அழுத்தும். பள்ளத்தில் தொடங்கினால் பின்னல் ஹெல்மெட் விளிம்புக்கு அடியில் தட்டையாக வெளியே வந்துவிடும். நிமிர்ந்தாலும் இடிக்காது.

முதல் மூன்று நான்கு பின்னலைத் தளர்வாகப் போடுங்கள். அதற்குக் கீழே வேண்டிய அளவு இறுக்கலாம். தளர்வு போதுமா என்று தெரிந்துகொள்ள, பின்னி முடித்ததும் புருவத்தைத் தூக்கிப் பாருங்கள். காதோரத்தில் சுண்டி இழுப்பது தெரிந்தால் அவிழ்த்து மறுபடி பின்னுங்கள். மெல்லிய ரப்பர் பேண்ட் வேண்டாம், அதை உருவும்போது முடியும் சேர்ந்து அறுபடும். துணி சுற்றிய பேண்டாகப் போடுங்கள். ஸ்டெப் கட், லேயர் கட் செய்தவர்களுக்குக் குட்டை முடி நடுவில் பிதுங்கி வரும். அவர்கள் நடுவில் ஒரு பேண்டும் நுனியில் ஒரு பேண்டும் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் மாட்டுகிற வரிசை. ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டை மேலிருந்து அப்படியே அழுத்தி இறக்கினால் பிடரி முடி மேலே சுருண்டு பின்மண்டையில் ஒரு கட்டியாகச் சேர்ந்துவிடும். பட்டைகளை இரு பக்கமும் விரித்துப் பிடித்து, நெற்றியை முதலில் உள்ளே கொடுத்து, பிறகு பின்பக்கத்தை இறக்க வேண்டும். இறக்கிய பிறகு பின்னலைப் பிடித்து லேசாகக் கீழே ஒரு இழுப்பு. உள்ளே சுருண்டது நேராகிவிடும். தாடைப் பட்டையை மாட்டும்போது காதோர முடி கொக்கியில் சிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

பின்னல் வெளியே தொங்கக் கூடாது. ஓவர்கோட்டுக்குள்ளோ சட்டைக்குள்ளோ விட்டுவிடுங்கள். புழுதியும் ஏறாது, காற்றிலும் அடிபடாது. பை மாட்டுகிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பின்னல் பைக்கு அடியில் அழுந்தி நிற்கும். வலது பக்கம் திரும்பிப் பார்க்கும்போது பிடரி முடி வெடுக்கென்று இழுபடும். பையை மாட்டிய பிறகு தாடையை நெஞ்சில் படும்படி ஒருமுறை குனிந்து பாருங்கள். இழுக்கிறது என்றால் பின்னலைக் கொஞ்சம் மேலே உருவித் தளர்த்திவிடுங்கள்.

முடி ரொம்ப அடர்த்தி என்றால் ஒற்றைப் பின்னல் தடிமனாகிக் காலருக்குள் போகாது. அவர்கள் இரட்டைப் பின்னல் போடலாம். காதுக்குப் பின்னால் தொடங்காமல், பிடரியில் இரு பக்கமும் தாழ்த்தித் தொடங்க வேண்டும். காதுக்குப் பின்னால் தொடங்கினால் ஹெல்மெட்டின் கன்னத் திண்டு அந்த இடத்தை அழுத்தும். ஸ்கூல் பிள்ளை மாதிரி இருக்கிறது என்று கூச்சப்படுபவர்கள் ஆபீஸ் வாசலில் அவிழ்த்து ஒன்றாகப் பின்னிக்கொள்ளட்டும். இரண்டு நிமிட வேலை.

பூ வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் மல்லிகையை டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப்போய், போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. ஹெல்மெட் விளிம்பில் பூவும் நசுங்கும், பூவைப் பிடித்திருக்கும் ஹேர்பின்னும் பின்மண்டையில் குத்தும்.

பாப் கட் ஏன் வேண்டாம்

பாப் கட் செய்துகொண்டவர்கள் முதல் வாரம் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். தலை லேசாகிவிட்டது, குளித்தால் சீக்கிரம் காய்கிறது. சிக்கல் வண்டியில்தான். தாடை அளவு முடியைப் பின்னால் சேர்த்துக் கட்ட முடியாது. ஹெல்மெட்டை இறக்கும்போது கன்னத் திண்டு அந்த முடியை முன்பக்கமாகத் தள்ளும். கண் ஓரத்திலும் வாய் ஓரத்திலும் வந்து நிற்கும். கண்ணாடியை இறக்கியிருக்கும்போது கையை உள்ளே விட்டு ஒதுக்கவும் முடியாது. கண்ணில் ஒரு இழை முடி குத்தினால் கை தானாக முகத்துக்குப் போகும், ஹேண்டில்பாரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு. ஃப்ரிஞ்ச் என்று நெற்றியில் வெட்டிக்கொள்வதற்கும் இதைத்தான் சொல்வேன். ஹெல்மெட் அதைச் சரியாக இமைக்கு மேல் கொண்டுவந்து அழுத்தும்.

ஸ்டைலும் நிற்காது. பாப் கட்டின் அழகே நுனி உள்நோக்கி வளைந்து நிற்பதில் இருக்கிறது. ஒரு மணி நேரம் வியர்வையோடு ஹெல்மெட்டின் கீழ் விளிம்பு அழுத்தினால், அந்த இடத்தில் மடிப்பு விழுந்து நுனி வெளியே திரும்பிக்கொள்ளும். உச்சி அமுங்கிப் போயிருக்கும். பின்னலில் உச்சி அமுங்கினால் யாருக்கும் தெரியாது. பாப் கட்டில் எல்லோருக்கும் தெரியும். சரிசெய்ய ஆபீஸில் தண்ணீரும் டிரையரும் வேண்டும்.

பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போகவும் நாளாகும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வளரும். தாடையிலிருந்து பிடரியில் ஒழுங்காகப் பின்னுகிற நீளத்துக்கு வர 12, 13 சென்டிமீட்டராவது வேண்டும். ஒரு வருஷம் ஓடிவிடும். அந்த ஒரு வருஷமும் அதே தொந்தரவு நீளத்தில்தான் வண்டி ஓட்ட வேண்டும்.

ஒருவருக்குப் பார்த்த கணக்கு

கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற ஒரு பெண். இடுப்பைத் தாண்டிய முடி, நல்ல அடர்த்தி, லேசான அலை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே இறுக்கமான போனி டெயில் போட்டுக்கொண்டு வந்தாள். காலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தைத் துண்டால் ஒற்றிவிட்டு அப்படியே கட்டி ஹெல்மெட் போடுவாளாம். தலைவலி, பொடுகு, அரிப்பு, காதோரத்தில் முடி குறைகிறது என்று நான்கு புகார். "ஹெல்மெட்டாலதான்க்கா எல்லாம் கொட்டுது. பாப் கட் பண்ணிடுங்க" என்றாள்.

உடனே கத்தரியை எடுக்கவில்லை. ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொல்லி, உள் துணியில் ஒட்டியிருந்த முடிகளை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தோம். ஒரு முனையில் குட்டியாக வெள்ளைப் புள்ளி இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை எல்லோருக்கும் உதிர்வதுதான். நாள் முழுக்க வீட்டிலும் ஆபீஸிலும் விழவேண்டியதில் கொஞ்சம் ஹெல்மெட்டுக்குள் சேர்கிறது, ஒரே இடத்தில் பார்ப்பதால் பயமாக இருக்கிறது. புள்ளி இல்லாமல் இரு முனையும் ஒரே மாதிரி இருந்தால் நடுவில் அறுந்தது. அவளுடையதில் அறுந்தவைதான் அதிகம், அதிலும் குட்டையான துண்டுகள். உதிர்வதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கலாம். அறுவதற்குக் கட்டும் விதத்தை மாற்றினாலே போதும்.

அடுத்து காதோரம். நெற்றி ஓரத்தில் முடி விலகி, விளிம்பில் மட்டும் மெல்லிய குட்டை முடி ஒரு வரிசையாக நின்றது. ஒன்றிரண்டு சின்னப் பருக்களும் இருந்தன. தினமும் ஒரே திசையில் இறுக்கி இழுப்பதால் வேர் சோர்ந்து வருகிற குறைவு இப்படித்தான் தெரியும். இதை ஆரம்பத்தில் கண்டுபிடித்து இறுக்கத்தை விட்டுவிட்டால் முடி திரும்பி வளரும். வருஷக்கணக்கில் விட்டால் வேர் இருந்த இடம் தழும்பாகி, அப்புறம் என்ன எண்ணெய் தேய்த்தாலும் வளராது. அவளுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஹெல்மெட்டின் மேல் போட்ட பழி போனி டெயிலுக்குப் போக வேண்டியது. ஹெல்மெட் அந்த இறுக்கத்தை இன்னும் அழுத்திக் கொடுத்தது, அவ்வளவுதான்.

முடியை எவ்வளவு வெட்டுவது என்பதற்கு அளவு நாடாவை வைத்தோம். பிடரிப் பள்ளத்திலிருந்து தோள்பட்டை எலும்பின் கீழ் முனை வரை வருகிற மாதிரி வெட்டினால், பின்னியதும் நுனி அதற்குச் சற்று மேலே நிற்கும். காலருக்குள் முழுசாக அடங்கும், பைக்கு அடியில் மாட்டிக்கொள்ளாது. அந்த அளவில் யூ கட் போட்டேன். லேயர் வேண்டாம் என்றேன். முன்பக்கம் குட்டையாக இருந்தால் பின்னலில் நிற்காமல் மறுபடி கண்ணுக்குத்தான் வரும். எடையும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. நீளம் போய்விட்டதே என்று ஒரு நிமிடம் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பின்னிக் காட்டியதும், "இதுல பூ வைக்கலாம்லக்கா?" என்று மட்டும் கேட்டாள். தாராளமாக வைக்கலாம்.

ஈரத் தலைதான் பொடுகுக்கும் அரிப்புக்கும் வழி விட்டது. ஈர முடி காய்ந்த முடியைவிட எளிதாக நீண்டு அறுபடும். அதை இறுக்கிக் கட்டுவது கெடுதல். மேலே ஹெல்மெட்டையும் மூடினால் காற்றே இல்லாமல் தலைத்தோல் மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு இந்தச் சூடும் ஈரமும் எண்ணெய்ப் பசையும்தான் வசதி. செவ்வாய், வெள்ளி காலையில் தலைக்குக் குளிக்க வேண்டும் என்ற வழக்கம் அவள் வீட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமையை விட முடியாது என்றாள். சரி, அன்றைக்கு மட்டும் சீக்கிரம் எழுந்து, ஃபேனுக்கு அடியில் விரித்துவிட்டு, வேர் வரை காய்ந்த பிறகு பின்னச் சொன்னேன். முடி குறைந்துவிட்டதால் இப்போது அது சாத்தியமும் கூட. இன்னொரு குளியல் புதன் சாயங்காலம், வீட்டுக்கு வந்ததும். எண்ணெய் தேய்ப்பதும் குளிப்பதற்கு முந்தின இரவிலோ இரண்டு மணி நேரம் முன்போதான். காலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு ஹெல்மெட் போட்டால் உள் துணி எண்ணெய் குடித்து நாறும். அந்த அழுக்கு மறுநாள் காலை மறுபடி நெற்றியில் ஏறும்.

துப்பட்டாவைத் தலையோடு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அதன் மேல் ஹெல்மெட் போடுவதையும் நிறுத்தச் சொன்னேன். பின்மண்டையில் சேரும் மடிப்பும் முடிச்சும் கொண்டை செய்கிற வேலையைத்தான் செய்யும். தொங்குகிற நுனி சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து வேறு. அதற்குப் பதில் மெல்லிய பருத்தியில் ஒற்றை அடுக்குக் குல்லாய், ஹெல்மெட் கடைகளிலேயே கிடைக்கிறது. வியர்வையை அது உறிஞ்சும், தினமும் துவைத்துப் போடலாம். இரண்டு வாங்கிக்கொண்டால் ஒன்று காயும்போது இன்னொன்று. ஹெல்மெட்டின் உள் துணி கழற்றுகிற மாதிரி இருந்தால் வாரம் ஒருமுறை ஷாம்பூ தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும்.

தலைவலி முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது. முடிச்சு இடம் மாறியதும் அது நிற்கத்தான் வேண்டும். பொடுகு குறைய அதைவிட நாள் பிடித்தது. காதோரத்தில் புது முடி அரும்பியது சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

பாய் கட் யாருக்கு

பின்னுவதற்கே நேரம் இல்லை, வீட்டில் கைக்குழந்தை, காலை ஆறரைக்கே வண்டி எடுக்க வேண்டும் என்கிறவர்களுக்கும், வியர்வையில் தலைத்தோல் அடிக்கடி புண்ணாகிறவர்களுக்கும், முழுசாக பாய் கட்டுக்கே போய்விடுங்கள் என்று சொல்வேன். பாப் கட்டில் பாதி வழியில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். ஹெல்மெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தலை கிடையாது. எங்கும் முடிச்சு இல்லை, கண்ணுக்கு வர முடி இல்லை, பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். அமுங்கிப் போனால் கையை நனைத்து வேரோடு எதிர்த்திசையில் கோதிவிட்டாலே எழுந்துகொள்ளும். உச்சியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் வைக்காதீர்கள். நெற்றியில் விழுகிற முடி புருவத்தை எட்டாத அளவில் இருக்கட்டும்.

செலவு வேறு விதத்தில் வரும். நீள முடியை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நுனி வெட்டினால் போதும். பாய் கட்டுக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்லருக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் பிடரியிலும் காதின் மேலும் வடிவம் கலைந்துவிடும். வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. கல்யாணம், சீமந்தம் என்று வரிசையாக விசேஷம் இருக்கும் மாதத்தில் வெட்டிக்கொண்டு அம்மாவிடம் பேச்சு வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆண்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. பக்கங்களில் மெஷினில் 3ஆம் நம்பர், மேலே ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால் ஹெல்மெட் எதுவும் செய்யாது. ஜெல் போட்டு ஸ்பைக் நிறுத்துவது மட்டும் வேண்டாம். ஜெல் ஹெல்மெட் துணியில் ஒட்டிக் காய்ந்து, பொடுகு மாதிரித் தூளாக உதிரும். முடி வளர்த்துக் கட்டுகிற பையன்களுக்கு மேலே பிடரிப் பள்ளத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும்.

நீள முடியிலிருந்து பாய் கட்டுக்கு மாறுகிற பெண்கள், வெட்டிய அன்றே ஹெல்மெட்டை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அடர்த்தியான முடியோடு அளவு பார்த்து வாங்கியது இப்போது சுழலும். நெற்றியைச் சுற்றிப் புருவத்துக்கு மேலே நாடா வைத்து அளந்தால் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியும். ஹெல்மெட்டில் 560, 580, 600 என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 57 சென்டிமீட்டர் என்றால் 560ஐயும் 580ஐயும் போட்டு, நெற்றித் தோல் கூடவே இழுபடுகிறதா என்று பார்த்து எடுங்கள். சில ஹெல்மெட்டுகளில் கன்னத் திண்டை மட்டும் தடிமனாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உச்சியும் பின்மண்டையும் ஆடினால் திண்டு மாற்றிப் பயனில்லை, ஒரு அளவு சின்னதாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு புதிதாகத்தான் வாங்க வேண்டும். முடி வெட்ட எடுத்து வைக்கும் பணத்தோடு அந்தச் செலவையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.